எட்டுச் சொல்லுக்குப் பத்து எழுத்து

நேயர்களுக்கு வணக்கம். பக்கத்தில் தாளும் பேனாவும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் நான்கு வட்டம் போட வேண்டியிருக்கும்.

வடமொழி யாப்பு படித்தவர்கள் ‘யமாதாராஜபானஸலகாம்’ என்று ஒரு வாய்பாடு சொல்வார்கள். அதற்குப் பொருள் என்று எதுவும் கிடையாது. அந்த யாப்பில் அசை இரண்டே வகை: குறுகி ஒலிக்கும் லகு, நீண்டு ஒலிக்கும் குரு. மூன்று மூன்றாக அடுக்கினால் எட்டு விதம் வரும். அவைதான் எட்டுக் கணங்கள். (நம் நேர், நிரையை மூன்றாக அடுக்கினாலும் தேமாங்காயிலிருந்து கருவிளங்கனி வரை எட்டுத்தான்.) ய-கணம் எப்படி இருக்கும் என்பது மறந்துபோனால், வாய்பாட்டில் ‘ய’விலிருந்து மூன்று எழுத்தைச் சொல்லிப் பார்த்தால் போதும்: ய-மா-தா. லகு, குரு, குரு. ம-கணம் வேண்டுமா? மா-தா-ரா, மூன்றும் குரு. இப்படியே ஸ-ல-காம் வரை நகர்ந்தால் எட்டுக் கணமும் ஒருமுறை வந்துவிடும்.

லகுவுக்கு 0, குருவுக்கு 1 என்று வைத்தால் அந்த வாய்பாடு 0111010001. ஒவ்வொரு கணமும் மூன்றெழுத்துச் சொல் ஆகிவிடும். எட்டுச் சொல்லையும் தனித்தனியாக எழுதினால் 24 எழுத்து, இங்கே பத்து. இதைவிடக் குறைக்கவும் முடியாது. முதல் சொல்லுக்கு மூன்று எழுத்து வேண்டும், அதன் பிறகு ஒவ்வொரு எழுத்தும் அதிகபட்சம் ஒரு புதுச் சொல்லைத்தான் தரும். மூன்றும் ஏழும் பத்து.

சரி, இப்படி ஒரு சரத்தை நாமே கட்டுவது எப்படி? எட்டுச் சொல்லையும் எட்டு ஊராக வைத்து, எல்லா ஊருக்கும் ஒரே ஒருமுறை போய்வர வழி தேடலாம் என்றுதான் முதலில் தோன்றும். எட்டு ஊர் என்றால் தேடிவிடலாம். ஆயிரம் ஊர் என்றால், அப்படித் தேடுகிற வேலை பொதுவாகவே மிகக் கடினமானது. சொற்களை ஊராக வைக்காமல் சாலையாக வைத்தால் வேலை சுலபமாகிவிடும். தாளில் நான்கு வட்டம் போட்டு 00, 01, 10, 11 என்று பெயர் எழுதுங்கள். இவைதான் ஊர்கள். 011 என்ற சொல், 01 என்ற ஊரிலிருந்து 11 என்ற ஊருக்குப் போகும் ஒருவழிச் சாலை: முதல் இரண்டு எழுத்து கிளம்பும் ஊர், கடைசி இரண்டு சேரும் ஊர். 000 என்பது 00-இல் கிளம்பி அங்கேயே திரும்பும் வளையம், 111-உம் அப்படித்தான். எட்டுச் சாலையிலும் ஒருமுறை மட்டும் நடந்து, கிளம்பிய ஊருக்கே திரும்ப வேண்டும். ஆய்லர் சுற்று என்பது இதுதான்.

ஒவ்வொரு ஊருக்கும் உள்ளே வர இரண்டு சாலை, வெளியே போக இரண்டு சாலை. எந்த ஊரிலிருந்தும் இரண்டே அடியில் எந்த ஊருக்கும் போகலாம். இவ்வளவு இருந்தால் சுற்று நிச்சயம் உண்டு.

ஆனால் கண்மூடித்தனமாக நடந்தால் மாட்டிக்கொள்வோம். 00-இல் கிளம்பி வளையத்தைச் சுற்றி, 01, 11, 10 வழியாக 00-க்குத் திரும்புங்கள். இங்கிருந்து வெளியே போகும் இரண்டு சாலையும் தீர்ந்துவிட்டன. நடந்தது ஐந்து, 010, 101, 111 மூன்றும் பாக்கி. இதற்காக அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. மிஞ்சிய சாலைகளும் சுற்றுகளாகத்தான் இருக்கும், ஏனென்றால் வருவதும் போவதும் எல்லா ஊரிலும் இன்னும் சமம். 01-இலிருந்து 10 போய் 01-க்கே திரும்புவது ஒரு சுற்று. 11-இன் வளையம் இன்னொன்று. பழைய வழியில் 01-ஐத் தொடும்போது முதல் சுற்றையும், 11-ஐத் தொடும்போது வளையத்தையும் இடையில் செருகுங்கள். கிளம்பும் ஊரான 00-ஐ முதலில் எழுதிவிட்டு, ஒவ்வொரு அடியிலும் சேரும் ஊரின் கடைசி எழுத்தை எழுதிக்கொண்டே போனால் 0001011100 வரும். பத்து எழுத்து.

இப்படிச் செருகும் முறை ஜெர்மன் கணிதர் கார்ல் ஹியர்ஹோல்ட்சருடையது. அவர் 1871-இல் இறந்துவிட்டார். சொல்லிவிட்டுப் போனதை நண்பர்கள் எழுதி 1873-இல் வெளியிட்டார்கள். நம் சரங்களுக்கு டி புரூயின் வரிசை என்று பெயர். டச்சுக் கணிதர் டி புரூயின் 1946-இல், n எழுத்துச் சொற்களுக்கு இத்தகைய சுற்றுகள் 2^(2^(n−1)−n) உண்டு என்று நிறுவினார். மூன்று எழுத்துக்கு 2, நான்குக்கு 16, ஐந்துக்கோ 2048. இதே எண்ணிக்கையை ஃபிரான்சில் ஃப்ளாய் செயின்ட்-மரி என்பவர் 1894-லேயே சொல்லியிருந்தார். அது தெரியவந்ததும் டி புரூயின் 1975-இல் முன்னுரிமை அவருக்கே என்று எழுதினார். பெயர் மட்டும் மாறவில்லை.

மூன்று எழுத்துக்கு இரண்டே சுற்று என்றேன் அல்லவா? ஒன்று நாம் இப்போது கட்டியது. கடைசி 00 முதல் 00-இன் மறுபதிப்பு, அதை விட்டுவிட்டு எட்டு எழுத்தையும் ஒரு வட்டத்தைச் சுற்றி எழுதுங்கள். அப்புறம் பின்பக்கமாகப் படித்துப் பாருங்கள். 11101000 என்று ஓடும். மூன்று 1-க்கும் முன்னால் நிற்கும் 0-வில் தொடங்கிப் பத்து எழுத்துச் சொன்னால், 0111010001. யமாதாராஜபானஸலகாம்.