பின்கோடு சொல்லாத ஊர்

நேயர்களுக்கு வணக்கம். உடன்குடிக் கருப்பட்டியைப் பார்சலில் அனுப்பி விற்கும் சிறு வியாபாரி நான்.

கொல்லிமலைச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஓர் அம்மா இரண்டு கிலோ கேட்டிருந்தார். கூரியர் நிறுவனத்தின் இணையதளத்தில் பின்கோடைக் கொடுத்துப் பார்த்தேன். டெலிவரி உண்டு என்று வந்தது. அனுப்பினேன். மூன்று நாளும் மாலை ஏழு மணி வாக்கில் 'விலாசத்தில் ஆள் இல்லை' என்றே பதிவானது. அந்த அம்மாவுக்கோ ஒரு போன்கூட வரவில்லை. பெட்டி மலையடிவாரத்துக் கிளையிலேயே கிடந்திருக்கிறது. எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஒற்றைப் பெட்டியைக் கொடுப்பது அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம் என்பதுதான் என் வருத்தம். பதினோராம் நாள் பெட்டி திரும்பியபோது கருப்பட்டி ஈரம் கோத்துக் கசிந்திருந்தது. திரும்பி வந்த கூலியும் என் தலையில்தான் விழுந்தது.

அதன் பிறகுதான் விஷயம் புரிந்தது. ஒரு பின்கோடு ஒரே ஊருக்கு உரியதல்ல. ஒரு துணை அஞ்சலகமும் அதன் கீழ் உள்ள பல கிளை அஞ்சலகங்களும் ஒரே எண்ணைப் பகிர்ந்துகொள்கின்றன. தனியார் கூரியர் 'உண்டு' என்று சொல்வது அந்த எண்ணுக்குள் இருக்கும் பெரிய ஊருக்கு மட்டுமாக இருக்கலாம். மலையூரும் அதே எண்ணில் இருப்பதால் கணினிக்கு வேறுபாடு தெரிவதில்லை.

எனவே இப்போது பணம் வாங்கும் முன்பே வாடிக்கையாளரிடம் இரண்டு கேள்வி கேட்கிறேன். உங்கள் ஊருக்கு எந்த அஞ்சலகம்? கடைசியாக எந்தப் பார்சல் உங்கள் வீட்டு வாசலுக்கே வந்தது? இரண்டாவது கேள்விக்கு ஒரு கூரியரின் பெயர் வந்தால், அதிலேயே அனுப்புகிறேன். "டவுனுக்குப் போய்த்தான் வாங்கி வந்தோம்" என்றால் தபால்தான். கிளை அஞ்சலகத்தின் பெயரை இந்திய அஞ்சல் துறையின் இணையதளத்தில் சரிபார்த்து, விலாசத்தில் ஊர், அஞ்சல், வழி என்று மூன்றையும் எழுதுகிறேன். கிளையின் பெயர் விடுபட்டால், பை பிரிக்கும் இடத்தில் பார்சல் தவறான பைக்குள் போய்விடும்.

தபாலிலும் சங்கடம் உண்டு. கிளை அஞ்சலகம் நாளில் நான்கைந்து மணி நேரமே திறந்திருக்கும். அங்குள்ள கிராம அஞ்சல் ஊழியர் பல இடங்களில் சைக்கிளிலோ நடந்தோதான் போகிறார். பருத்த பெட்டி என்றால், வந்து வாங்கிக்கொள்ளச் சொல்வார். அதில் தவறில்லை. எனவே பெட்டியைச் சிறிதாக்கினேன். அது கூரியருக்கு அனுப்பும்போதும் உதவுகிறது. நீள, அகல, உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து எடை போடுவது அங்கே வழக்கம். 30, 25, 20 அளவுள்ள என் பழைய பெட்டி, இரண்டு கிலோச் சரக்குக்கு மூன்று கிலோக் கட்டணம் வாங்கித் தந்தது.

அந்த அம்மாவுக்கு மறுபடி கருப்பட்டி அனுப்பினேன், ஈரம் புகாத உறையில், தபாலில். எட்டு நாள் ஆனது. கிளை அஞ்சலகத்துக்குப் போய் அவரே வாங்கிக்கொண்டார்.