மெதுவான படியிலிருந்து எழுதத் தொடங்குங்கள்

வணக்கம். வேதியியல் படிக்கும் பிள்ளைகளை மனதில் வைத்துப் பேசுகிறேன். ஒரு தாளும் பென்சிலும் பக்கத்தில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இன்று ஒரே ஒரு வினாவுக்கு விடை எழுதப் போகிறோம்: "எஸ்என்1, எஸ்என்2 கருக்கவர் பதிலீட்டு வினைகளின் வழிமுறைகளை ஒப்பிடுக. வினைபடும் ஹாலைடும் கரைப்பானும் வினையை எப்படிப் பாதிக்கின்றன என விளக்குக."

பல ஆண்டுகளாக விடைத்தாள் திருத்துகிறேன். இந்த வினாவுக்கு வரும் விடைகளில் பெரும்பாலானவை ஓர் அட்டவணைதான். நடுவில் ஒரு கோடு, இடப்பக்கம் எஸ்என்1, வலப்பக்கம் எஸ்என்2. இரு படி, ஒரு படி, மூவிணையம், ஓரிணையம், முனைவுள்ள கரைப்பான், முனைவற்ற கரைப்பான். ஒவ்வொரு வரியும் தனித்தனியாக மனப்பாடம் செய்தது. அதில் கடைசி வரி தவறு என்பதே எழுதியவருக்குத் தெரிவதில்லை, ஏனென்றால் எந்த வரிக்கும் காரணம் எழுதப்படவில்லை. காரணம் எல்லாம் ஒரே இடத்தில்தான் இருக்கிறது: வினையின் மெதுவான படியில் எந்தப் பிணைப்பு உடைகிறது, எது உருவாகிறது. அங்கிருந்து எழுதத் தொடங்கினால் மற்றவை தாமாகவே வரும்.

சரி, எஸ்என்1-க்கு மூவிணைய பியூட்டைல் புரோமைடை எடுத்துக்கொள்வோம். நடுவில் ஒரு கார்பன். அதைச் சுற்றி மூன்று மெத்தில் தொகுதிகளும் ஒரு புரோமினும். இதை நீர் கலந்த எத்தனாலில் போடுகிறோம். முதலில் கார்பன்-புரோமின் பிணைப்பு உடைகிறது. வளைந்த அம்புக்குறியைப் பிணைப்பின் நடுவிலிருந்து தொடங்கிப் புரோமினில் முடியுங்கள். பிணைப்பின் இரண்டு எலக்ட்ரான்களும் அங்கேதான் போகின்றன. கிடைப்பது ஒரு கார்பன் நேரயனியும் புரோமைடு அயனியும். இது மெதுவான படி. பக்கத்தில் "மெதுவானது" என்று எழுதிவிடுங்கள்.

இரண்டாம் படியில் நேரயனியைத் தாக்குவது யார்? பாதிப் பேர் ஹைட்ராக்சைடு என்று எழுதுகிறார்கள். குடுவையில் காரமே சேர்க்கவில்லை! தாக்குவது நீர் மூலக்கூறு. அதன் ஆக்சிஜனில் உள்ள தனி எலக்ட்ரான் இரட்டையிலிருந்து அம்பு கிளம்பி, கார்பனைத் தொடுகிறது. இப்போது அந்த ஆக்சிஜனில் ஒரு நேர்மின்சுமை இருக்கும். மூன்றாம் படியில் இன்னொரு நீர் மூலக்கூறு அங்கிருந்து ஒரு புரோட்டானை எடுத்துக்கொண்டு போக, ஆல்கஹால் மிஞ்சுகிறது. இந்த மூன்றாம் படியை விட்டுவிடாதீர்கள். வினை நடக்க நடக்கக் கரைசல் அமிலமாகிறது என்பதற்கு இந்தப் படிதான் விளக்கம். ஒரு நிறங்காட்டியைப் போட்டால் நிறம் மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். எத்தனாலும் ஒரு கருக்கவர் பொருள்தான் என்பதால் கொஞ்சம் ஈதரும் கூடவே உருவாகும். சேர்மத்தில் வலுவான காரத்தை நிறையக் கொட்டினால் பதிலீடு பின்தங்கி, நீக்க வினை முந்திவிடும். அப்போது கிடைப்பது ஐசோபியூட்டீன்.

எஸ்என்2-க்கு மெத்தில் புரோமைடும் ஹைட்ராக்சைடு அயனியும் போதும். இங்கே படி ஒன்றே ஒன்று. ஹைட்ராக்சைடு, புரோமினுக்கு நேர் எதிர்ப் பக்கத்திலிருந்து கார்பனை நெருங்குகிறது. ஆக்சிஜன் பிணைப்பு உருவாகிக்கொண்டிருக்கும்போதே புரோமின் பிணைப்பு தளர்ந்துகொண்டிருக்கிறது. இரண்டு அம்புகளையும் ஒரே படத்தில் போட வேண்டும். நடுவில் ஆற்றல் உச்சியில் இருக்கும் நிலையைச் சதுர அடைப்புக்குள் வரைந்து, பாதிப் பிணைப்புகளைப் புள்ளிக்கோடாகக் காட்டுங்கள்.

தமிழில் எழுதும் பிள்ளைகளுக்கு ஒரு தனி எச்சரிக்கை. நம் புத்தகங்களில் இடைநிலை என்ற சொல் இரண்டு வேறு பொருள்களுக்கும் வந்துவிடுகிறது. எஸ்என்1-இன் நேரயனி உண்மையான பொருள். ஆற்றல் வரைபடத்தில் இரண்டு மேடுகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறது, கொஞ்ச நேரமாவது உயிரோடிருக்கிறது. எஸ்என்2-இன் உச்சிநிலையோ மேட்டின் முனை. அதைத் தனியாகப் பிடித்து வைக்க முடியாது. எந்தச் சொல்லைப் பயன்படுத்தினாலும், பள்ளமா மேடா என்பதை வரைபடத்தில் காட்டிவிட்டால் திருத்துபவருக்கு ஐயம் வராது.

வேக விதி இப்போது எளிது. எஸ்என்1-இன் மெதுவான படியில் ஹாலைடு மட்டுமே இருப்பதால் வேகம் அதன் செறிவை மட்டும் சார்ந்தது. எஸ்என்2-இல் இரண்டு துகள்களும் மோத வேண்டும், ஆகவே இரண்டின் செறிவும் வரும். ஆனால் இதை மட்டுமே நிரூபணமாக எழுதாதீர்கள். கருக்கவர் பொருளே கரைப்பானாகவும் இருந்தால் அதன் செறிவு மாறுவதில்லை. எஸ்என்2 வினைகூட முதல் வகை வினை போலத் தோற்றமளிக்கும்.

அப்படியானால் எதிர்ப் பக்கத்திலிருந்துதான் தாக்குகிறது என்று எப்படித் தெரிந்தது? 1935-இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஹியூஸும் அவருடைய குழுவினரும் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. ஒளிசுழற்றும் 2-அயோடோஆக்டேனை அசிட்டோனில் கரைத்து, கதிரியக்க அயோடைடு அயனியோடு வினைபுரியவிட்டார்கள். பழைய அயோடின் போய்ப் புது அயோடின் வருகிறது. வேதிப்பொருள் மாறவே இல்லை. கதிரியக்கம் எவ்வளவு உள்ளே ஏறியது என்பதிலிருந்து பதிலீட்டின் வேகம் கிடைத்தது. ஒளிச்சுழற்சி குறையும் வேகத்தை அளந்தபோது அது சரியாக இருமடங்கு இருந்தது. ஏன் இருமடங்கு? எதிர்ப் பக்கத் தாக்குதலால் ஒரு மூலக்கூறின் அமைப்பு தலைகீழானால், அது இன்னும் மாறாத ஒரு மூலக்கூறின் சுழற்சியையும் சேர்த்து அழித்துவிடுகிறது. ஒரு பதிலீட்டுக்கு இரண்டு மூலக்கூறுகளின் சுழற்சி காணாமல் போகிறது. ஆக, ஒவ்வொரு பதிலீடும் தவறாமல் ஒரு தலைகீழ் மாற்றம்.

அடுத்து, ஹாலைடின் அமைப்பு. எஸ்என்2-இல் எதிர்ப் பக்கம் திறந்திருக்க வேண்டும். எத்தில் ஹாலைடின் வேகத்தை 1 என்று வைத்தால், மெத்தில் ஏறக்குறைய 30. ஐசோபுரோப்பைல் ஏறக்குறைய 40-இல் ஒரு பங்கு. மூவிணைய ஹாலைடில் வழி அடைபட்டுவிடுகிறது. இதைக் கொள்ளிட விளைவு என்று பெயரிட்டு நிறுத்தாமல், நியோபென்டைல் ஹாலைடை ஓர் எடுத்துக்காட்டாகச் சேர்த்துப் பாருங்கள். அது ஓரிணைய ஹாலைடு. இருந்தும் எத்திலைவிட ஏறத்தாழ 1 லட்சம் மடங்கு மெதுவாக வினைபுரிகிறது, ஏனென்றால் பக்கத்துக் கார்பனில் மூன்று மெத்தில்கள் நெருக்கியடித்துக்கொண்டு பின்பக்கத்தை மறைக்கின்றன. இணையங்களை எண்ணுவது ஒரு குறுக்குவழிதான், உண்மையான கேள்வி வழி திறந்திருக்கிறதா என்பது.

எஸ்என்1-இல் இந்தக் கவலை இல்லை. அங்கே வேண்டியது நேரயனியின் நிலைப்புத்தன்மை. மூன்று மெத்தில்கள் எலக்ட்ரான் அடர்த்தியைத் தந்து மின்சுமையைப் பகிர்ந்துகொள்கின்றன. பென்சைல், அல்லைல் ஹாலைடுகளில் உடனிசைவு அந்த வேலையைச் செய்கிறது. அவை எஸ்என்2-ஐயும் விரைவாகச் செய்பவை என்பதால், அவற்றை ஒரே பக்கத்தில் அடைத்துவிடக் கூடாது.

இனி கரைப்பான். அட்டவணையின் அந்தத் தவறான கடைசி வரி நினைவிருக்கிறதா? முனைவற்ற கரைப்பான் எஸ்என்2-க்கு ஏற்றது என்று எழுதுகிறார்கள். ஹெக்சேனில் சோடியம் சயனைடு கரையவே கரையாது, வினை எங்கே நடக்கும்!

எஸ்என்1-இன் மெதுவான படியில், மின்சுமை இல்லாத ஒரு மூலக்கூறு இரண்டு எதிரெதிர் மின்சுமைகளாகப் பிரிகிறது. நீர் அந்த இரண்டையும் தாங்குகிறது: புரோமைடை ஹைட்ரஜன் பிணைப்பால் சூழ்கிறது, நேரயனியை ஆக்சிஜன் பக்கத்தால் அணைக்கிறது. பிணைப்பு உடையும்போதே இந்த உதவி கிடைப்பதால் மேட்டின் உயரம் குறைகிறது. மூவிணைய பியூட்டைல் குளோரைடை எத்தனாலிலிருந்து நீருக்கு மாற்றினால் வேகம் 3 லட்சம் மடங்குக்கு மேல் ஏறுகிறது. அதே ஹாலைடு, அதே வெப்பநிலை. மாறியது கரைப்பான் மட்டும்.

எஸ்என்2-இல் கதை வேறு. தாக்க வேண்டியது பெரும்பாலும் ஓர் எதிரயனி. அதை மெத்தனாலில் போட்டால், மெத்தனாலின் ஹைட்ராக்சில் ஹைட்ரஜன்கள் அதைச் சுற்றி இறுகப் பிடித்துக்கொள்கின்றன. அந்த உறையைக் கொஞ்சம் உரித்துவிட்டுத்தான் அயனி கார்பனை நெருங்க முடியும். டைமெத்தில்ஃபார்மமைடும் நல்ல முனைவுள்ள கரைப்பான்தான், ஆனால் அதில் ஹைட்ரஜன் பிணைப்புக்கு ஏற்ற ஹைட்ரஜன் இல்லை. அதன் ஆக்சிஜன் சோடியம் அயனியைப் பிடித்துக்கொள்கிறது. எதிரயனி ஏறக்குறைய வெறுமையாக, வீரியத்தோடு நிற்கிறது. மெத்தில் அயோடைடைக் குளோரைடு அயனி தாக்கும் வினை, மெத்தனாலைவிட டைமெத்தில்ஃபார்மமைடில் ஏறத்தாழ 10 லட்சம் மடங்கு வேகமாக நடக்கிறது. ஆகவே விடையில் முனைவுள்ளது என்ற ஒரு சொல் போதாது. ஹைட்ரஜன் பிணைப்புத் தரும் முனைவுள்ள கரைப்பானா, தராத முனைவுள்ள கரைப்பானா என்று பிரித்து எழுதுங்கள். தாக்குவது அமீன் போன்ற நடுநிலை மூலக்கூறாக இருந்தால் எஸ்என்2-விலும் உச்சியில் புதிதாக மின்சுமை தோன்றுகிறது, அங்கே முனைவு கூடினால் வேகமும் கூடும்.

இடம் இருந்தால், இரண்டு வழியிலும் போகக்கூடிய ஒரு சேர்மத்தோடு விடையை முடிக்கலாம். ஒளிசுழற்றும் 1-குளோரோ-1-ஃபீனைல்ஈத்தேன் ஈரிணையமும் பென்சைல் வகையும் ஆனது. இதைச் சோடியம் அசைடோடு டைமெத்தில்ஃபார்மமைடில் வைத்தால், வெறுமையான அசைடு பின்பக்கமாகத் தாக்கித் தலைகீழான விளைபொருளைத் தருகிறது. அதையே நீர் கலந்த அசிட்டோனில் வைத்தால், ஃபீனைல் வளையம் தாங்கும் நேரயனி உருவாகி, நீர் இரண்டு பக்கமும் தாக்க, பெரும்பாலும் சுழிமாய்க்கலவை கிடைக்கிறது.

"பெரும்பாலும்" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். தலைகீழான வடிவம் சிறிதளவு மிஞ்சியே இருக்கும். நேரயனி பிறந்த கணத்தில், வெளியேறிய குளோரைடு இன்னும் தொலைவு போயிருக்காது. புறப்பட்ட பக்கத்தை மறைத்தபடி அயனி இணையாக நிற்கும். அதற்குள் வந்துவிடும் நீர் மூலக்கூறுக்கு மறுபக்கம்தான் திறந்திருக்கும்.

வணக்கம்.