திட்டத்தைச் சொல்வதற்கு முன் ஒரு கையெழுத்து

வணக்கம். தொழில் நடத்துகிறவர்களும் தொடங்கப்போகிறவர்களும் இங்கே இருக்கிறீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். கூட்டாளியாக வரக்கூடிய ஒருவரிடம் திட்டத்தைச் சொல்வதற்கு முன் ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில், நாம் எல்லோரும் என்டிஏ என்று சொல்கிற தாளில், கையெழுத்து வாங்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அப்படிக் கையெழுத்து வாங்கிய பிறகும் சிலர் நீதிமன்றத்தில் தோற்றுப் போகிறார்கள். அது ஏன் நடக்கிறது என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

தாளே இல்லாமல் பேசினால் என்ன ஆகும் என்பதை முதலில் பார்த்துவிடலாம். 1960களின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் கோகோ என்பவர் மொபெட் வண்டிக்கு ஓர் என்ஜின் வடிவமைத்தார். அதைத் தயாரிப்பது பற்றி கிளார்க் என்ற நிறுவனத்துடன் பேசினார். பேச்சு முறிந்தது. அப்புறம் அந்த நிறுவனம் தன் சொந்த மொபெட்டைக் கொண்டு வந்தது. அதன் என்ஜினில் தன்னுடைய யோசனை இருக்கிறது என்று கோகோ வழக்குப் போட்டார். நீதிபதி மெகாரி அந்த வழக்கில் மூன்று கேள்விகளை வைத்தார். சொல்லப்பட்ட தகவல் உண்மையிலேயே ரகசியத் தன்மை உள்ளதா? அதை ரகசியமாக வைக்க வேண்டும் என்று கேட்டவருக்குப் புரியும் சூழ்நிலையில் சொல்லப்பட்டதா? சொன்னவருக்குப் பாதகமாக, அனுமதியில்லாமல் அது பயன்படுத்தப்பட்டதா? ரகசியக் காப்பு பற்றிப் பேசும்போது பல நாட்டு நீதிமன்றங்கள் இன்றும் இந்த மூன்றையும் எடுத்துப் பார்க்கின்றன. ஆனால் கோகோவுக்கு அவர் கேட்ட தடை உத்தரவு கிடைக்கவில்லை. ஓர் என்ஜினுக்கு 5 ஷில்லிங் வீதம் தனிக் கணக்கில் போட்டு வைப்பதாக நிறுவனம் ஏற்றுக்கொண்டது, அவ்வளவுதான். தாள் இல்லையென்றால் சட்டம் கைவிட்டுவிடும் என்று நான் சொல்லவில்லை. எது ரகசியம், எந்தச் சூழ்நிலையில் சொன்னோம் என்ற ஒவ்வொன்றையும் நாமே நிரூபிக்க வேண்டியிருக்கும். ஒப்பந்தம் அந்தச் சுமையைத்தான் குறைக்கிறது.

சரி, ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். மருந்துகளின் குளிர்ச்சி கெடாமல் எடுத்துச் செல்லும் பெட்டி ஒன்றை ஒரு சின்ன நிறுவனம் உருவாக்கியிருக்கிறது. அதை விற்றுத் தர ஒரு பெரிய விநியோக நிறுவனம் முன்வருகிறது. அந்தப் பெரிய நிறுவனத்தின் குழுமத்திலேயே பெட்டி தயாரிக்கும் பிரிவு ஒன்றும் இருக்கிறது. பெட்டியின் சுவரில் என்ன கலவை இருக்கிறது, அந்தப் பொருள் எங்கிருந்து வருகிறது, ஒரு பெட்டிக்கு அடக்க விலை எவ்வளவு, வாங்கப் பேசிக்கொண்டிருக்கும் மருத்துவமனைகள் எவை, அடுத்த இரண்டு வருட விலைத் திட்டம் என்ன. சின்ன நிறுவனத்திடம் இருப்பதெல்லாம் இதுதான்.

இப்போது ஒப்பந்தத்தைக் கேட்க வேண்டும். எப்போது கேட்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். எல்லோரும் வந்து உட்கார்ந்து, காபியும் வந்த பிறகு, தாளை எடுத்து நீட்டினால் எதிராளிக்குச் சங்கடம். அவர்களுடைய வழக்கறிஞர் பார்க்காமல் கையெழுத்துப் போட முடியாது என்பார்கள். நீங்களும் "பரவாயில்லை, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று பேசத் தொடங்கிவிடுவீர்கள். அந்த ஒரு மணி நேரத்தில் சொன்னது எதுவும், முன்பு நடந்த பேச்சுகளையும் சேர்த்து எழுதினால் ஒழிய, பின்னால் வரும் ஒப்பந்தத்துக்குள் தானாக அடங்காது. அதனால் சந்திப்புக்கு நாள் குறிக்கும் மின்னஞ்சலிலேயே வரைவை இணைத்துவிடுங்கள். "முதல் சந்திப்பில் பொதுவாகப் பேசலாம். விலையும் வடிவமைப்பும் பேசும் சந்திப்புக்கு முன் இதில் கையெழுத்தாகிவிட்டால் நல்லது. எல்லோரிடமும் இதே தாளைத்தான் தருகிறோம், உங்கள் பக்கத் தகவலுக்கும் இதே பாதுகாப்பு உண்டு" என்று எழுதினால் போதும். இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் தாளாக இருந்தால் எதிர்ப்பு பாதியாகக் குறைந்துவிடும். அவர்களும் தங்கள் விற்பனைக் கணக்கைக் காட்டத்தானே போகிறார்கள்.

முதல் சந்திப்பில் என்ன சொல்லலாம்? பெட்டி எத்தனை மணி நேரம் குளிரைத் தாங்கும், யாருக்குப் பயன்படும், விநியோகம் செய்கிறவருக்கு என்ன ஆதாயம். திட்டத்தை அவர்கள் புரிந்துகொள்ள இவ்வளவு போதும். அதை எப்படிச் செய்கிறோம் என்பது வேண்டாம். முதலீட்டு நிறுவனங்கள் பல, முதல் சந்திப்புக்கு என்டிஏ போடவே மாட்டோம் என்று சொல்லிவிடும். ஒரே மாதிரித் திட்டங்களோடு நிறையப் பேர் அவர்களிடம் வருவதால் அது அவர்களுக்கு நியாயமான நிலைதான். அவர்களிடமும் இந்த முதல் கட்டப் பேச்சை மட்டும் பேசலாம். உங்கள் தொழிலில் நேரடியாக இறங்கக்கூடிய விநியோக நிறுவனம் மறுத்தால் கதை வேறு. அங்கே நான் அடுத்த பக்கத்தைத் திறக்க மாட்டேன்.

தாளில் என்ன இருக்க வேண்டும் என்பதை முழுக்கச் சொல்லப் போவதில்லை. மூன்று இடங்களை மட்டும் காட்டுகிறேன்.

முதலாவது, நோக்கம். நிறையப் பேர் "வெளியே சொல்லக் கூடாது" என்ற வரியை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள். நம்முடைய கதையில் விநியோக நிறுவனம் யாரிடமும் சொல்லத் தேவையில்லையே. தன் பெட்டிப் பிரிவுக்குள்ளேயே பயன்படுத்திக்கொண்டால் போதும். அதனால் "இந்த விநியோகக் கூட்டணியைப் பரிசீலிப்பதற்கு மட்டுமே இத்தகவலைப் பயன்படுத்தலாம்" என்ற வரி இருக்க வேண்டும். "வணிக வாய்ப்புகளை ஆராய்வதற்காக" என்று பொதுவாக எழுதியிருந்தால் எதையும் அதற்குள் அடக்கிவிடலாம். அதோடு, குழுமத்தின் எந்தப் பிரிவு தகவலைப் பார்க்கலாம் என்பதையும் எழுதுங்கள். பெட்டிப் பிரிவு பார்க்கக் கூடாது என்றால் அதை வெளிப்படையாக எழுத வேண்டும். கையெழுத்துப் போடுகிறவர் யார் என்பதையும் இங்கேயே பாருங்கள். நிறுவனத்தின் முழுப் பெயர் சரியாக இருக்கிறதா? கையெழுத்திடுகிறவருக்கு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் இருக்கிறதா? தனி மனிதராகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனால் நிறுவனம் "எங்களுக்குத் தெரியாது" என்று சொல்ல இடமிருக்கிறது.

இரண்டாவது, நினைவில் தங்கியதைப் பற்றிய விதி. பெரிய நிறுவனங்கள் தரும் வரைவுகளில் சில சமயம் இது வரும். குறிப்புகளைப் பார்க்காமல் எங்கள் ஆட்களின் மனதில் தங்கிவிட்டதை நாங்கள் பயன்படுத்தலாம் என்ற பொருளில் எழுதியிருப்பார்கள். கேட்க நியாயமாகத் தோன்றும், மனதை எப்படி அழிப்பது என்று. ஆனால் அடக்க விலையும் கலவையின் விகிதமும் ஒரே பார்வையில் மனதில் தங்கக்கூடியவை. இந்த விதி இருந்தால் மற்ற விதிகள் எல்லாம் இருந்தும் பயன் இல்லை. நீக்கச் சொல்லுங்கள். நீக்க முடியாது என்றால், விலையும் கலவையும் அந்த விதியில் அடங்காது என்றாவது எழுதி வாங்குங்கள்.

மூன்றாவதுதான் நான் அதிக நேரம் பேச விரும்புவது. தகவலை ரகசியம் என்று எப்படிக் குறிக்க வேண்டும் என்ற விதி. இதில் ஓர் உண்மை வழக்கு இருக்கிறது. கன்வால்வ் என்ற அமெரிக்க நிறுவனம், கணினியின் ஹார்ட் டிஸ்க் வேகமாகவும் அமைதியாகவும் இயங்க உதவும் ஒரு தொழில்நுட்பத்தை வைத்திருந்தது. காம்பாக், சீகேட் நிறுவனங்களோடு ஒப்பந்தம் போட்டுவிட்டுத்தான் பேசியது. அந்த ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது. வாயால் சொன்ன தகவல் பாதுகாக்கப்பட வேண்டுமென்றால், சொல்லும்போதே ரகசியம் என்று தெரிவிக்க வேண்டும், பிறகு 20 நாட்களுக்குள் எழுத்தில் உறுதிப்படுத்தி அனுப்ப வேண்டும். கூட்டங்களில் விளக்கிய விஷயங்களுக்கு கன்வால்வ் அப்படி எழுதி அனுப்பவில்லை. இரு தரப்புக்கும் அது ரகசியம் என்றே புரிந்திருந்தது என்று அது வாதிட்டது. 2013இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒப்பந்தத்தில் எழுதிய முறைப்படி நடக்காததால் அந்தத் தகவலுக்கு வணிக ரகசியம் என்ற பாதுகாப்பு போய்விட்டது. கையெழுத்தும் இருந்தது, நல்ல வழக்கறிஞர்களும் இருந்தார்கள். கூட்டம் முடிந்து போக வேண்டிய ஒரு கடிதம் மட்டும் போகவில்லை.

நம் பெட்டி நிறுவனத்துக்கு வருவோம். முதலில் அந்த விதியைத் தளர்த்தப் பார்க்க வேண்டும். "ரகசியம் என்று குறித்தவை, அல்லது சொன்ன சூழ்நிலையிலிருந்து ரகசியம் என்று நியாயமாகப் புரியக்கூடியவை" என்று எழுதினால், ஒரு கடிதம் தவறினாலும் முழுவதும் போகாது. எதிர்த் தரப்பு மறுக்கலாம், எது ரகசியம் என்று தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது அவர்களுக்கும் தேவைதான். அப்படியானால் விதியை அப்படியே ஏற்றுக்கொண்டு, அதை நிறைவேற்ற ஓர் ஆளை நியமியுங்கள். ஒவ்வொரு பக்கத்தின் மேலும் "ரகசியம்" என்று இருக்கட்டும். கூட்டத்தின் தொடக்கத்தில் ஒருவர் வாய்விட்டு அதைச் சொல்லட்டும். அன்று மாலையே ஒரு மின்னஞ்சல்: இன்றைய தேதியில் இன்னின்னார் இருந்த கூட்டத்தில் சுவர்க் கலவை, அடக்க விலை, மருத்துவமனைப் பட்டியல் ஆகியவற்றைச் சொன்னோம், இவை ஒப்பந்தப்படி ரகசியத் தகவல். நான்கு வரி போதும். 20 நாள் இருக்கிறதே என்று தள்ளிப் போடாதீர்கள், கூட்டத்தில் என்ன பேசினோம் என்பதே எட்டு நாளில் மறந்துவிடும். தலைப்புகளை மட்டும் எழுதுங்கள், விகிதத்தையே எழுதிவிட வேண்டாம்.

இந்த மின்னஞ்சல்களால் இன்னொரு பயனும் உண்டு. தகவல் தங்களிடம் முன்பே இருந்தது, தாங்களே தனியாகக் கண்டுபிடித்தோம், அது ஊருக்கே தெரிந்தது என்பவை பெரும்பாலும் எல்லா ஒப்பந்தத்திலும் விதிவிலக்குகளாக இருக்கும். இருக்கவும் வேண்டும். நாளைக்கு அவர்களுடைய பெட்டி சந்தைக்கு வரும்போது இதில் ஒன்றைத்தான் சொல்வார்கள். எந்தத் தேதியில் எதை, யாரிடம் சொன்னோம் என்ற வரிசை உங்கள் கையில் இருந்தால், அந்தத் தேதிக்கு முன்பே தங்களிடம் இருந்ததை அவர்கள் காட்ட வேண்டிய நிலை வரும்.

இவ்வளவுக்குப் பிறகும் கலவை விகிதத்தையும் பொருள் வரும் இடத்தையும் இந்தக் கட்டத்தில் நான் தர மாட்டேன். ஒருவர் பெட்டியை விற்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க அந்த விகிதம் தேவையில்லை. சோதனைக்கு நான்கு பெட்டிகளைக் கொடுக்கலாம், பிரித்துப் பார்த்து ஆராயக் கூடாது என்ற வரியோடு. வாடிக்கையாளர் பெயர்களை மறைத்து எண்ணிக்கையை மட்டும் காட்டலாம். ரகசியம் வெளியே போன பிறகு நீதிமன்றம் பணம் வாங்கித் தரலாம், மீண்டும் ரகசியமாக்கித் தர முடியாது. காலவரையிலும் இதே எச்சரிக்கை வேண்டும். இரண்டு முதல் ஐந்து வருடம் என்று எழுதுவது வழக்கம். விலைத் திட்டத்துக்கு அது போதும், அதற்குள் விலையே மாறிவிடும். கலவைக்குப் போதாது. அது வணிக ரகசியமாக இருக்கும் வரை கடமை தொடரும் என்று தனியாக எழுத வேண்டும்.

கடைசியாக, பேச்சு முறிந்தால். பெரும்பாலான பேச்சுகள் முறியத்தான் செய்யும், அதில் யாருடைய குற்றமும் இல்லாமல் இருக்கலாம். "பிறகு பார்க்கலாம்" என்று இரு பக்கமும் அமைதியாகிவிடுவார்கள், உங்கள் தாள்கள் அவர்கள் கணினியில் கிடக்கும். பேச்சு நின்றுவிட்டது என்று தெரிந்த வாரமே ஒரு கடிதம் அனுப்புங்கள். ஒப்பந்தத்தின் இன்ன விதிப்படி, கொடுத்தவற்றைத் திருப்பித் தரவும் அல்லது அழித்துவிட்டு எழுத்தில் உறுதி செய்யவும், சோதனைப் பெட்டிகளை இந்தத் தேதிக்குள் அனுப்பி வைக்கவும். கோபம் வேண்டாம், சாதாரணமாகக் கேளுங்கள். நான்கு பெட்டி போயிருந்தால் நான்கும் வர வேண்டும். மூன்றுதான் வருகிறது என்றால் அன்றைக்கே வழக்கறிஞரிடம் போங்கள்.