கூடைக்குப் போகிற கை

வணக்கம். மண்டபத்து வாசலில் அத்தனை கேமராப் பைகளைப் பார்த்ததால் முன்னுரையை விட்டுவிட்டு, ஒரு ஷாட்டிலிருந்து அடுத்ததற்கு மாறுவதில் நான் சொதப்பிய ஒரு படத்திலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு தோட்டத்தில் எடுத்த நான்கு நிமிடப் படம் அது. முதலில் தூரத்திலிருந்து ஓர் அக்கா மலையில் கொழுந்து பறிப்பதைக் காட்டினேன். அடுத்து அவருடைய கைகள் மட்டும் தெரியும் நெருக்கமான ஷாட். இரண்டுக்கும் நடுவே அழகாக இருக்கட்டும் என்று, ஒரு ஷாட் கரையக் கரைய அடுத்தது தெரிகிற டிசால்வ் ஒன்று போட்டேன். பச்சைமேல் பச்சை கரைந்து கஞ்சி மாதிரி ஆகிவிட்டது. அக்காவும் ஒரு கணம் இரண்டு பேராகத் தெரிந்தார். டிசால்வ் வந்தால் பார்ப்பவர் நேரம் போய்விட்டது என்று நினைப்பார். அங்கே ஒரு நொடிகூடப் போகவில்லையே!

அதை எடுத்துவிட்டு வெறும் வெட்டு வைத்தேன். ஆனால் எந்த இடத்தில்? பிடி நிறைந்ததும் கை தோளுக்கு மேலே போய்க் கொழுந்தைக் கூடையில் போடும். கை தோளைத் தாண்டும் அந்த ஃபிரேமில் வெட்டினேன். கண் கையின் பின்னாலேயே ஓடுவதால் வெட்டு தெரிவதில்லை. நெருக்கமான ஷாட்டில் மட்டும் அதே அசைவை இரண்டு ஃபிரேம் முன்னாலிருந்து தொடங்கினேன், புதிய படத்தில் கையைத் தேடிப் பிடிக்கக் கண்ணுக்குக் கொஞ்சம் நேரம் வேண்டுமல்லவா? கை நின்ற பிறகு வெட்டினால் லேசாக உதறும். இதற்காகவே அந்த அசைவைத் தூரத்தில் ஒரு தடவை, கிட்டத்தில் ஒரு தடவை, முழுசாக எடுத்து வைக்க வேண்டும்.

அடுத்தது மடுவத்தில் கொழுந்து நிறுக்கிற காட்சி. இங்கே மூன்று மணி நேரம் கடந்திருக்கிறது, டிசால்வ் பொருந்தும். 25 ஃபிரேம் வேகத்தில் ஒரு செக்கன் டிசால்வை வெட்டின் நடுவில் வைத்தால், இரண்டு பக்கமும் வெட்டைத் தாண்டி எடுத்த 12, 13 ஃபிரேம் மிச்சம் தேவை. நானோ அக்கா திரும்பியதும் கேமராவை நிறுத்தியிருந்தேன். மிச்சமில்லாததால் மென்பொருள் கடைசி ஃபிரேமையே நீட்டியது. ஓடிக்கொண்டிருந்த மூடுபனி அரைச் செக்கன் அப்படியே உறைந்து நின்றது!

சரி, என்ன செய்யலாம்? வெட்டையே வைத்து, மடுவத்தில் எடை கூப்பிடுகிற குரலை மட்டும் 15 ஃபிரேம் முன்னதாக மலைப் படத்தின் மேலேயே ஓடவிட்டேன். காது முதலில் அங்கே போய்விட்டதால் கண் சங்கடமில்லாமல் பின்னால் போனது.

அப்புறம், நமக்கு ரயில்வேயே ஒரு மாற்றத்தைக் கட்டி வைத்திருக்கிறது. ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவே சிங்கமலைச் சுரங்கம். ஒரு நாள் எடுத்த பயணத்தை இருட்டுக்குள் வெட்டி, வேறொரு நாளின் பயணமாக வெளியே கொண்டுவரலாம். ரயில் சத்தம் மட்டும் அறாமல் ஓட வேண்டும். ஃபோனில் எக்ஸ்போஷரைப் பூட்டாமல் எடுத்தால் இருட்டில் அதுவாகவே வெளிச்சத்தைக் கூட்டிப் படம் பொரிபொரியாகிவிடும். கறுப்பு கறுப்பாக இல்லையென்றால் வெட்டு பல்லைக் காட்டும்.