இரவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்

தலைப்பு: "நோயுற்ற தாய் தந்தையைக் கவனிக்க மாதச் செலவில் கட்டுப்படியாவது எது: பராமரிப்பு இல்லமா, வீட்டுக்கு வரும் செவிலியரா?"

நடுவர் அவர்களே, பராமரிப்பு இல்லமே கட்டுப்படியாகும் என்று பேச வந்திருக்கிறேன். எல்லா நோயாளிகளுக்கும் அல்ல. இரவிலும் ஆள் தேவைப்படுகிறவர்களுக்கு. காலையில் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, புண்ணுக்குக் கட்டு மாற்ற ஒருவர் மூன்று மணி நேரம் வந்தால் போதும் என்றால், அந்த நிலையில் எதிரணியிடம் இப்போதே தோல்வியை ஒப்புக்கொள்கிறேன்.

எதிரணித் தலைவர் ஒரு கணக்குச் சொன்னார். செவிலியருக்குக் கொடுக்கும் மாதச் சம்பளமும் இல்லத்தின் மாதக் கட்டணமும் ஏறத்தாழச் சமம் என்றார். சமம் என்றே வைத்துக்கொள்வோம். அந்தப் பணத்துக்கு எத்தனை மணி நேரம் கிடைக்கிறது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. 30 நாள் மாதத்துக்கு 720 மணி நேரம். பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் வருபவர், வாரம் ஒரு நாள் விடுப்பு போக 26 நாள் வந்தால் 312 மணி நேரம். மீதி 408 மணி நேரத்துக்குச் சம்பளமில்லாத செவிலியர் ஒருவர் இருக்கிறார். அவர் பெயர் மகள், மருமகள் அல்லது என்னைப் போன்ற மகன். அந்த நேரத்துக்கும் ஆள் வைத்தால் மாதம் 60 ஷிப்ட் ஆகிறது, அதாவது தலைவர் சொன்ன சம்பளத்தைப் போல இரண்டேகால் மடங்குக்கும் மேல். இல்லத்தில் இரவுப் பணியாளரின் கூலியைப் பலர் பங்கிட்டுக்கொள்கிறார்கள். வீட்டில் அது முழுவதும் ஒரே நோயாளியின் தலையில் விழுகிறது.

"உடன் தங்கிப் பார்த்துக்கொள்ளும் ஒருவரை வைத்தால் போயிற்று" என்று அவர் இடைமறிப்பது கேட்கிறது. நானும் அப்படித்தான் வைத்தேன். என் தந்தைக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் செயலிழந்தது. தாமாகப் புரள முடியாதவருக்குப் படுக்கைப்புண் வராமலிருக்க, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்கச் சொன்னார்கள். இரவு பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு, காலை ஆறு என்று ஐந்து முறை எழுந்தவர், பகலில் ஓர் ஆளைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும். இரண்டாவது வாரம் அவர் ஊருக்குப் போகிறேன் என்றார்; அவர் மீது குற்றமில்லை. மாற்று ஆள் வரும் வரை ஐந்து நாள் சம்பளமில்லா விடுப்பு எடுத்தேன். அந்த இழப்பை வீட்டுச் செலவில் எழுதாமல் வேறு எதில் எழுதுவது? எங்கள் அணியில் இருக்கும் அம்மையார் பல ஆண்டுகள் செவிலியர்களுக்கு ஷிப்ட் பிரித்துக் கொடுத்தவர். வேலையை விடுகிறவர்கள் சம்பளத்தைவிடத் தூக்கத்தைத்தான் காரணமாகச் சொல்வார்கள் என்கிறார்.

எதிரணியின் இரண்டாம் பேச்சாளர், இடுப்பெலும்பு முறிந்த தம் தாயாரை ஆறே வாரத்தில் செவிலியர் நடக்க வைத்ததை நெகிழ்ச்சியோடு சொன்னார். மகிழ்ச்சி. ஆனால் அது ஆறு வாரத்தில் முடிந்த செலவு. நாம் பேசுவது எந்த மாதம் முடியும் என்று தெரியாத செலவு.

இல்லத்தின் கட்டணச் சீட்டை அப்படியே நம்பச் சொல்லவில்லை. டயப்பர், மருந்து, பிசியோதெரபி ஆகியவை தனியா, நோய் முற்றினால் கட்டணம் ஏறுமா என்று எழுத்தில் கேட்க வேண்டும். அதைவிட முக்கியமானது, இரவில் ஒரு பணியாளர் எத்தனை பேரைப் பார்க்கிறார் என்ற கேள்வி. முப்பது பேருக்கு ஒருவர் என்றால் பக்கம் மாற்றும் வேலை நடக்காது. பிறகு நம் செலவில் அங்கேயே தனி ஆள் வைக்க நேர்ந்து, என் வாதமே கவிழ்ந்துவிடும். பக்கம் மாற்றிய நேரம் குறிக்கும் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு மாதப் பதிவும் ஒரே கையெழுத்தில், ஒரு நிமிடம்கூடப் பிசகாமல் பத்து, பன்னிரண்டு, இரண்டு என்றிருந்தால், அது மொத்தமாக உட்கார்ந்து எழுதியது என்று சந்தேகப்படலாம்.

"உங்கள் தாயார் வீட்டில்தானே இருக்கிறார், தந்தை இல்லத்துக்குப் போனதால் வாடகை குறைந்ததா?" என்று நடுவர் சற்றுமுன் கேட்டார். குறையவில்லை, ஐயா. தனியாக இருந்தவர் இல்லத்துக்குப் போனால் வீட்டுச் செலவு நிற்கும். துணைவர் வீட்டில் இருந்தால் பெரும்பகுதி தொடரும். எங்கள் பக்கத்தின் உண்மையான பலவீனம் அதுதான். இருந்தும் வாடகையையும் சேர்த்துக் கூட்டியபோது, இரண்டு ஷிப்டுக்கும் ஆள் வைத்த மாதத்தைவிட எனக்குக் குறைவாகவே வந்தது. வாடகை அதிகமுள்ள வீட்டில் மாறியும் வரலாம்.

எதிரணித் தலைவர் அடுத்த சுற்றில் பேச எழும்போது, அந்த 408 மணி நேரத்தில் நோயாளியின் அருகில் யார் இருப்பார், அவருக்கு யார் சம்பளம் கொடுப்பார் என்பதிலிருந்து தொடங்கட்டும்.