இருதயத்தில் கோளாறு, வலிப்பது இடது கை: ஒரு சந்தேகத்திற்கு விளக்கம்

கேள்வி: "டாக்டர், என் அப்பாவுக்கு 58 வயது. செம்பனைக் குலை வெட்டும் வேலை. ஒரு மாதமாக இடது கையின் உட்புறம் வலிக்கிறது என்று தைலம் தேய்த்துக்கொள்கிறார். நெஞ்சில் வலியே இல்லை. கிளினிக்கில் இருதயத்தைப் பார்க்கச் சொல்கிறார்கள். அதற்குக் கை ஏன் வலிக்க வேண்டும்?"

அம்மா, விரலில் முள் குத்தினால் கண்ணை மூடிக்கொண்டே அந்த இடத்தைத் தொட்டுக் காட்டிவிடுகிறோம், ஏனென்றால் தோலில் வலி நரம்புகள் நெருக்கமாக இருக்கின்றன. இருதயம், குடல், பித்தப்பை போன்ற உள்ளுறுப்புகளில் அவை மிகவும் குறைவு. குடலை வெட்டினால்கூட வலி அதிகம் தெரியாது. அது உப்பி இழுபட்டாலோ, இரத்த ஓட்டம் குறைந்தாலோதான் வலிக்கும். அந்த வலியை ஒரு விரலால் சுட்டிக்காட்ட முடியாது. நோயாளி உள்ளங்கையை விரித்துத் தடவிக் காட்டுவார். "வலி" என்றுகூடச் சொல்லாமல் பாரம், இறுக்கம், கடுப்பு என்பார்.

இருதயத் தசைக்கு இரத்தம் போதாதபோது, அதன் வலி நரம்புகள் பெரும்பாலும் கழுத்தின் அடிப்பகுதியிலும் மேல்மார்பிலும் உள்ள நரம்பு முடிச்சுகள் வழியாகத் தண்டுவடத்தின் மேல்மார்புப் பகுதிக்கு வந்து சேர்கின்றன. கக்கத்திலிருந்து முழங்கை வரை கையின் உட்புறத்துக்கும் மேல்மார்புக்கும் உரிய நரம்புகள் வந்து சேர்வதும் அதே பகுதிக்குத்தான். அங்கிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பணுக்கள் பல இந்த இரண்டுக்கும் பொதுவானவை. ரப்பர் தோட்டத்தில் இரண்டு பிரிவுகளின் பாலும் ஒரே வண்டியில் நிறுவைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பல ஆண்டுகளாக ஒரு பிரிவின் பாலையே கண்டு பழகிய கிராணி, ஒரு நாள் மற்றப் பிரிவின் பால் வந்தாலும் பழைய பெயரிலேயே கணக்கெழுதிவிடுவார். பிறந்ததிலிருந்து கையின் செய்தியையே அந்த வழியில் கேட்டுப் பழகிய மூளையும் அப்படித்தான் இருதயத்தின் வலியைக் கையின் கணக்கில் எழுதுகிறது. இதையே இடம் மாறித் தோன்றும் வலி என்கிறோம்.

இடது கை ஏன் என்றால், இருதயத்தின் வலி நரம்புகள் இரண்டு பக்கமும் போனாலும் இடப்பக்கத்தின் பங்கு பொதுவாக அதிகம். 1916-இல் புக்காரெஸ்ட் நகரத்து அறுவை மருத்துவர் தோமா யோனெஸ்கு, இருதய வலியால் துன்பப்பட்ட ஒருவருக்கு இடப்பக்கத்து நரம்பு முடிச்சுகளை அகற்றியே வலியைக் குறைத்தார். ஆனால் வலது கையில் வந்தால் இருதயமாக இருக்காது என்று எண்ணிவிடாதீர்கள். வலது கைக்கோ இரு கைகளுக்குமோ பரவும் வலியை நாங்கள் இன்னும் கூடுதல் கவனத்தோடு பார்க்கிறோம். தாடையிலும் மேல்வயிற்றிலும்கூட வரும்.

இனி, குலை வெட்டுகிறவரின் கைவலி தசைவலியா, இருதய வலியா என்று எப்படிப் பிரிப்பது? நீண்ட கம்பை நாள் முழுதும் தலைக்கு மேல் தூக்குகிற தோள் வலிக்கத்தான் செய்யும். ஆனால் அந்த வலி கம்பைத் தூக்கும்போது கூடும். ஓர் இடத்தை அழுத்தினால் "அங்கேதான்" என்பார். இருதயத்திலிருந்து வருவது அழுத்தினாலும் கையை அசைத்தாலும் பெரும்பாலும் மாறாது. மேட்டில் நடக்கும்போதோ குலை ஏற்றிய தள்ளுவண்டியைத் தள்ளும்போதோ தொடங்கும். நின்றுவிட்டால் சில நிமிடங்களில் அடங்கிவிடும். வெறுங்கையோடு மேடு ஏறினாலும் கை கடுக்கிறதா என்று அப்பாவிடம் கேளுங்கள். கம்பு கையில் இல்லாமலே கடுக்கிறது என்றால் தைலத்தை மூடி வையுங்கள்.

இந்த அடையாளங்கள் சந்தேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவுமே தவிர, முடிவு சொல்லா. வலி இல்லாத நேரத்தில் எடுத்த இ.சி.ஜி. சரியாக இருந்தாலும் போதாது, ஏனென்றால் ஓய்வில் தேவையான இரத்தம் கிடைத்துக்கொண்டுதான் இருக்கும். அதனால்தான் நடக்கவைத்துப் பார்க்கும் சோதனைக்கு அனுப்புகிறோம். இனிப்பு நீர் இருந்தால் அதையும் சொல்லுங்கள்: அது நரம்புகளைக் கெடுப்பதால், சிலருக்கு வலியே இல்லாமல் மூச்சிரைப்பும் வியர்வையும் மட்டும் தெரியும்.

சோதனை முடியும்வரை அப்பா குலை வெட்டப் போக வேண்டாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வலி வந்தாலோ, ஓய்வெடுத்தும் பத்து நிமிடத்தில் அடங்காவிட்டாலோ, வியர்வையோ குமட்டலோ சேர்ந்தாலோ உடனே 999-ஐ அழையுங்கள். இங்கே பலரும் செய்வதுபோல் மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்காரவைத்துக் கொண்டுவராதீர்கள்.