பூட்டு போட்டும் கணக்கு ஏன் தப்புகிறது?

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு பேசலாம் என்றிருக்கிறேன். டேட்டாபேஸில் ஒரு தரவைத் தொடும் முன் பூட்டு வாங்குகிறோம், தொட்டு முடித்ததும் பூட்டை விடுகிறோம். ஒரே தரவில் ஒரே நேரத்தில் இரண்டு பேர் கை வைப்பதே இல்லை. இவ்வளவு ஒழுங்காக இருந்தும் கடைசியில் கணக்கு தப்பிப் போகிறது. எப்படி?

கண்ணால் பார்த்துவிடுவோம். A, B என்று இரண்டு எண்கள். இரண்டிலும் 100 இருக்கிறது. T1 என்ற பரிவர்த்தனை A-யிலிருந்து 20-ஐ எடுத்து B-யில் சேர்க்கிறது. T2 இரண்டு எண்களையும் இரட்டிப்பாக்குகிறது. T1 முதலில் முழுதாக ஓடி, பிறகு T2 ஓடினால் A 160, B 240. T2 முதலில் ஓடினால் A 180, B 220. இரண்டு விடைகளும் வேறு வேறு, ஆனால் இரண்டுமே சரி. எதைப் பார்த்தாலும் மொத்தம் 400. இந்த இரண்டில் ஏதாவது ஒன்று வந்தால் போதும், எது என்று நாம் கேட்பதில்லை. ‘சீரியலைசபிள்’ என்ற சொல்லுக்கு அவ்வளவுதான் பொருள்: கலந்து ஓடினாலும், ஒருவர் பின் ஒருவராக ஓடிய ஏதோ ஒரு வரிசைக்குச் சமமாக இருக்க வேண்டும்.

இப்போது இரண்டும் கலந்து ஓடட்டும். வாசிப்பு r, எழுத்து w.

```
T1: lock(A) r(A) w(A) unlock(A)
T2: lock(A) r(A) w(A) unlock(A)
T2: lock(B) r(B) w(B) unlock(B)
T1: lock(B) r(B) w(B) unlock(B)
```

T1 A-யை 80 ஆக்கியது. T2 அதை 160 ஆக்கியது, B-யை 200 ஆக்கியது. கடைசியில் T1 வந்து B-யில் 20 சேர்த்து 220 ஆக்கியது. மொத்தம் 380. இருபது காணோம். A-யை விட்டுக் கிளம்பிய அந்த 20, B-க்குப் போய்ச் சேரும் முன்பே T2 இரண்டு இடங்களையும் இரட்டித்துவிட்டது. இரட்டிப்பு நடந்த நேரத்தில் அந்த 20 எந்த எண்ணிலும் இல்லை, T1-இன் கையில் இருந்தது. பூட்டு இல்லாமல் ஒரு அடி கூட யாரும் வைக்கவில்லை என்பதை மறுபடி பாருங்கள்.

இங்கே மொத்தத்தைக் கூட்டிப் பார்த்துத் தப்பைக் கண்டுபிடித்தோம். ஆயிரம் பரிவர்த்தனைகள் ஓடும் இடத்தில் எதை எதோடு கூட்டுவது? அதனால்தான் பிரிசிடன்ஸ் கிராஃப் வேண்டியிருக்கிறது. யார் முந்தி, யார் பிந்தி என்று காட்டும் படம் அது. ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் ஒரு புள்ளி வையுங்கள். இரண்டு வெவ்வேறு பரிவர்த்தனைகள் ஒரே தரவைத் தொட்டு, அதில் ஒன்றாவது எழுத்தாக இருந்தால், அந்த இரண்டு செயல்களும் மோதுகின்றன. முதலில் தொட்டவரிடமிருந்து பின்னால் தொட்டவருக்கு ஒரு அம்பு போடுங்கள். இரண்டுமே வாசிப்பு என்றால் அம்பு வேண்டாம். இரண்டு பேர் வாசிப்பதை முன்பின் மாற்றினாலும் ஒன்றும் மாறாது.

மேலே கலந்து ஓடிய அந்த ஓட்டத்துக்கு, அதாவது நம் ஷெட்யூலுக்கு, போட்டுப் பாருங்கள். A-யை முதலில் தொட்டது T1, ஆகவே T1-இலிருந்து T2-க்கு அம்பு. B-யை முதலில் தொட்டது T2, ஆகவே T2-இலிருந்து T1-க்கு அம்பு. சுழற்சி விழுந்துவிட்டது. A-யைக் கேட்டால் T1 முந்தி என்கிறது, B-யைக் கேட்டால் T2 முந்தி என்கிறது. இரண்டுக்கும் பொருந்தும் வரிசை எதுவும் இல்லை. சுழற்சி இல்லாத படமாக இருந்தால், அம்புகள் காட்டும் திசையிலேயே பரிவர்த்தனைகளை வரிசைப்படுத்திவிடலாம். அந்த வரிசைதான் நாம் தேடுகிற சமமான வரிசை.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், மாணவர்கள் பலர் இதில் தடுமாறுகிறார்கள். T2 இரட்டிப்பதற்குப் பதிலாக இரண்டிலும் 10 கூட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே கலந்த ஓட்டத்தில் A 90, B 130 வரும். தனித்தனியாக ஓட்டினாலும் அதேதான் வரும். விடை சரி. ஆனால் கிராஃப்பில் சுழற்சி அப்படியே இருக்கும். ஏனென்றால் அது வாசித்தார்களா, எழுதினார்களா என்பதை மட்டும் பார்க்கிறது, நடுவில் போட்ட கணக்கைப் பார்ப்பதில்லை. ஆக, சுழற்சி இருந்தால் விடை கட்டாயம் தப்பு என்று பொருளில்லை. சுழற்சி இல்லாவிட்டால் கட்டாயம் சரி. இதைவிடத் தாராளமான ஒரு வரையறையும் உண்டு, வியூ சீரியலைசபிலிட்டி. ஒரு ஷெட்யூல் அதற்குள் வருகிறதா என்று சோதிப்பது என்பி-கம்ப்ளீட், அதாவது வேகமாகச் செய்ய வழி தெரியாத வகை வேலை, என்று 1979-இல் பாபடிமிட்ரியூ காட்டினார். சுழற்சி தேடுவதோ எளிய வேலை. அதனால் நடைமுறையில் எல்லோரும் இந்தக் கறாரான சோதனையோடு நின்றுகொள்கிறார்கள்.

சரி, சுழற்சி விழாமல் பார்த்துக்கொள்வது எப்படி? ஓடும்போதே கிராஃப்பை வரைந்து, ஒவ்வொரு அடிக்கும் சுழற்சி வருகிறதா என்று தேடலாம். ஆனால் முடிந்துபோன பரிவர்த்தனைகளையும் உடனே மறக்க முடியாது, அவற்றின் வழியாகவும் சுழற்சி வரலாம். 1976-இல் எஸ்வரன், கிரே, லோரி, டிரைகர் ஆகிய நால்வரும் எழுதிய கட்டுரை இதைவிட மிக எளிய ஒரு விதியைக் கொடுத்தது. ஒரு பரிவர்த்தனை ஏதாவது ஒரு பூட்டை விட்டுவிட்டால், அதன் பிறகு புதிதாக எந்தப் பூட்டையும் வாங்கக் கூடாது. முதல் கட்டத்தில் வாங்கிக்கொண்டே போகலாம், இரண்டாம் கட்டத்தில் விட்டுக்கொண்டே போகலாம், திரும்பி வர முடியாது. வாசிப்புப் பூட்டை எழுத்துப் பூட்டாக உயர்த்துவதும் வாங்குவதுதான். இதுவே டூ ஃபேஸ் லாக்கிங்.

இந்த விதியில் என்னை இன்றும் ஈர்ப்பது ஒன்று உண்டு. ஒரு பரிவர்த்தனை தன்னை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். ‘நான் எதையாவது விட்டுவிட்டேனா?’ என்ற ஒரு கேள்வி. மற்றவர்கள் என்ன செய்கிறார்கள், எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தெரிய வேண்டியதே இல்லை. ஆனாலும் எல்லோரும் சேர்ந்த படத்தில் சுழற்சி வராது. அது எப்படி உறுதி?

ஒவ்வொரு பரிவர்த்தனையும் தன் கடைசிப் பூட்டை வாங்கி முடிக்கும் கணத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இதை லாக் பாயிண்ட் என்பார்கள். T1-இலிருந்து T2-க்கு ஒரு அம்பு இருக்கிறதென்றால், ஏதோ ஒரு தரவின் பூட்டை T1 விட்ட பிறகுதான் T2 வாங்கியிருக்கிறது. T1 ஒரு பூட்டை விட்டுவிட்டது என்றால் அதன் லாக் பாயிண்ட் ஏற்கெனவே முடிந்துவிட்டது. T2 இப்போதுதான் வாங்குகிறது என்றால் அதன் லாக் பாயிண்ட் இந்தக் கணத்துக்கு முன்னால் இருக்க முடியாது. ஆக, அம்பு எப்போதும் முந்திய லாக் பாயிண்டிலிருந்து பிந்தியதற்கே போகும். அம்புகள் வழியே நடந்து கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்தால், ஒரு கணம் தனக்குத் தானே முந்தியதாகிவிடும். நடக்காத காரியம். நிரூபணம் இவ்வளவுதான். சமமான வரிசை எது என்பதும் கையோடு கிடைத்துவிட்டது: லாக் பாயிண்ட் வரிசை.

நம் பழைய ஷெட்யூலில் T1, T2 இரண்டுமே A-யை விட்ட பிறகு B-யை வாங்கின. மீறல் அங்கேதான். விதிப்படி ஓட்டினால் இப்படி வரும்:

```
T1: lock(A) r(A) w(A) lock(B) unlock(A)
T2: lock(A) r(A) w(A)
T1: r(B) w(B) unlock(B)
T2: lock(B) unlock(A) r(B) w(B) unlock(B)
```

A 160, B 240. T1 B-யில் வேலை செய்வதற்கு முன்பே T2 A-யில் வேலையை முடித்துவிட்டது, கலந்து ஓடுவது இன்னும் இருக்கிறது. இரண்டிலும் A-யின் `unlock`, B-யின் `lock`-க்குப் பின்னால் போனது, காணாமல் போன 20 திரும்பி வந்துவிட்டது. ஒரு புரோகிராமில் இதே தவறை நான் நேரில் பார்த்திருக்கிறேன். வேகமாக இருக்கட்டும் என்று நல்ல எண்ணத்தில் ஒருவர் பூட்டைச் சீக்கிரம் விட்டிருந்தார். சோதனையில் ஒரு நாளும் தப்பு வரவில்லை, கூட்டம் அதிகமான நாளில் மட்டும் வந்தது.

இந்த விதி சில நல்ல ஷெட்யூல்களையும் தடுத்துவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். இதைப் பாருங்கள்:

```
w1(A) w2(A) w3(B) w1(B)
```

அம்புகள் T1-இலிருந்து T2-க்கும் T3-இலிருந்து T1-க்கும். சுழற்சி இல்லை, T3, T1, T2 என்ற வரிசைக்குச் சமம். ஆனால் T2 எழுத வேண்டுமானால் T1 அதற்கு முன்பே A-யை விட்டிருக்க வேண்டும். விடும் முன் B-யை வாங்கியிருக்க வேண்டும். அப்படி வாங்கி வைத்திருந்தால் T3 நடுவில் B-யில் எழுதியிருக்க முடியாது. விதி போதுமானது, ஆனால் கட்டாயத் தேவையானது அல்ல.

அப்புறம், மேலே சரியாக ஓடிய அந்த ஷெட்யூலில் ஒரு ஓட்டை இருக்கிறது. A-யை விட்ட பிறகு, B-யில் எழுதும்போது T1 தோற்று ரத்தாகிவிட்டால்? T2 வாசித்த 80 நடக்காத ஒன்றாகிவிடும், T2-ஐயும் ரத்து செய்ய வேண்டும். அதை நம்பி வாசித்த இன்னொருவர் இருந்தால் அவரையும். அதனால் எழுத்துப் பூட்டுகளை கமிட் வரை பிடித்து வைப்பதே வழக்கம், இதை ஸ்ட்ரிக்ட் என்பார்கள். இன்னொரு காரணமும் உண்டு. பயனர் அடுத்து என்ன கட்டளை அனுப்பப் போகிறார் என்று டேட்டாபேஸுக்குத் தெரியாது. லாக் பாயிண்ட் வந்துவிட்டதா என்று தெரியாமல் எதை நம்பிப் பூட்டை விடுவது?

கடைசியாக டெட்லாக். T2 B-யிலிருந்து தொடங்குகிறது என்று வையுங்கள். T1 கையில் A, T2 கையில் B, ஒருவர் மற்றவருக்காகக் காத்து நிற்கிறார்கள். இதைக் கண்டுபிடிக்கவும் ஒரு கிராஃப் உண்டு, ஆனால் அது வேறு கிராஃப். பிரிசிடன்ஸ் கிராஃப் நடந்து முடிந்ததைச் சொல்கிறது, வெயிட்-ஃபார் கிராஃப் இந்த நொடியில் யார் யாருக்காகக் காத்திருக்கிறார் என்பதைச் சொல்கிறது. தேர்வில் இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர் குறைவு. ஆனால் இரண்டுக்கும் உள்ளே ஒரு உறவு இருக்கிறது. காத்திருக்காமல் இருவரையும் அப்படியே உள்ளே விட்டிருந்தால், பிரிசிடன்ஸ் கிராஃப்பில் நாம் முதலில் பார்த்த அதே சுழற்சி விழுந்திருக்கும். விழ இருந்த சுழற்சி விழும் முன்பே நின்றுபோய், டெட்லாக்காக நம் முன் நிற்கிறது.

அப்போது டேட்டாபேஸ் இருவரில் ஒருவரை ரத்து செய்யும். மைசீக்வெலின் இன்னோடிபி-யில் 1213 என்ற எண்ணோடு வரும் பிழை அதுதான். அந்தப் பிழை வந்தால் தோற்ற கட்டளையை மட்டும் மறுபடி அனுப்பாதீர்கள். உங்கள் பூட்டுகள் எல்லாம் போய்விட்டன, முன்பு வாசித்த மதிப்புகளை இதற்குள் வேறொருவர் மாற்றியிருக்கலாம். பரிவர்த்தனையை முதல் வாசிப்பிலிருந்தே தொடங்குங்கள்.